வியட்நாம் போறதுக்கு முன்னாடி மூணு சொல்: எதைப் பழகலாம், அங்க இருக்கவங்க எப்படி எடுத்துக்குவாங்க?

வைகைக்கரை

அடுத்த மாசம் ஹனோய்ல நாலு நாள், சைகோன்ல மூணு நாள். வியட்நாமிய மொழி ஒரு எழுத்து தெரியாது. போறதுக்குள்ள மூணே மூணு சொல்லை ஒழுங்கா பழகிட்டுப் போயிடலாம்னு திட்டம். போன்ல இருக்கிற செயலி வணக்கத்துக்கு 'ஸின் சாவ்', நன்றிக்கு 'காம் அன்', விடைபெறுறதுக்கு 'தாம் பியட்'னு சொல்லிக் குடுக்குது. காலங்காத்தால ஒரு மனுசனைப் பாத்து 'சாவ்'னு சொல்றதுக்கே நமக்கு ஒரு மாதிரி இருக்கு, அது வேற விஷயம்.

கேள்வி ரெண்டு. இந்த மூணும் சரியான மூணுதானா? சொன்னா எதிர்ல இருக்கவங்க என்ன செய்வாங்க, நான் அடுத்து என்ன செய்யணும்?

கொங்குக்காரன்

இந்த மூணே தாராளமா போதுமுங்க. மூஞ்சில சிரிப்பு இருந்தா எப்படிச் சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க. இன்னொண்ணு, அவங்க மொழியில வணக்கம் வெச்சாலே சந்தையில உள்ளூர்க்காரங்க விலைக்குக் குடுத்துருவாங்க. நம்ம ஊர்லயும் வெள்ளைக்காரன் 'வணக்கம்'னா நாம எளகிப் போறோமில்ல, அந்த மாதிரித்தான்.

நெல்வயல்

கொங்குக்காரன் சொன்னதுல பாதி சரி. புரிஞ்சுக்குவாங்க, அதுல சந்தேகமில்ல. விலைக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல அந்த மூணு சொல்லைப் பாப்போம், ஏன்னா செயலிகள் எல்லாம் ஒரே தப்பைப் பண்ணுது.

'ஸின் ச்சாவ்' தப்பான சொல் இல்ல. ஆனா வியட்நாம்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்து அப்படிச் சொல்லிக்கிறது ரொம்பக் குறைவு. தொலைக்காட்சி அறிவிப்பாளர் சொல்லுவார், விமானத்துல அறிவிப்பு வரும், வெளிநாட்டுக்காரங்களைப் பாத்தா சொல்லுவாங்க. தெருவுல, கடையில, பக்கத்து வீட்டுல எல்லாம் 'ச்சாவ்' கூட ஒரு உறவுமுறைச் சொல் வரணும். அக்கான்னா 'ச்சாவ் ச்சி', அண்ணன்னா 'ச்சாவ் ஆன்', தம்பி தங்கச்சின்னா 'ச்சாவ் எம்'. நம்ம ஊர்ல பேருந்துல நடத்துநரைப் பாத்து வெறும் 'வணக்கம்'னு சொன்னா எப்படி மேடைப் பேச்சு மாதிரி இருக்குமோ, 'அண்ணே'ன்னா எப்படி உடனே திரும்புவாரோ, அந்த வித்தியாசம்தான்.

அடுத்தது 'தாம் பியட்'. அதை அந்த மூணுலேருந்து எடுத்துடுங்க. அது பிரிவுக்கான சொல், கொஞ்சம் கனமானது. நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறப்ப யாரும் சொல்லமாட்டாங்க. வர்றப்ப சொன்ன அதே 'ச்சாவ் ச்சி'யையே போறப்பவும் சொல்லலாம், ரெண்டுக்கும் அது ஒண்ணே. ஆக ஒரு இடம் மிச்சமாகுது. அந்த இடத்துல 'ஒய்' வெச்சுக்குங்க. அது கூப்பிடுற சொல்: 'ச்சி ஒய்', 'எம் ஒய்'. கிராமத்துல 'அக்கோய்'னு கூப்பிடுவோமே, அதுக்கு அண்ணன் தம்பி முறை. கடையில யாரையாவது கூப்பிடணும்னா விரல் சொடுக்குறது, 'ஹலோ ஹலோ'ன்னு கத்துறது எல்லாம் அங்க முகம் சுளிக்க வைக்கும். 'எம் ஒய்'னு சத்தமா கூப்பிட்டாக்கூட யாரும் தப்பா எடுத்துக்கமாட்டாங்க, அதுதான் முறை.

ஒரு எச்சரிக்கை. முறைச்சொல் இல்லாம வெறும் 'ஒய்'னு கூப்பிடாதீங்க. யாராவது கூப்பிடுறப்ப சமவயசுக்காரங்க 'ம், சொல்லு'ங்கிற மாதிரி பதிலுக்குச் சொல்றது அது.

யாழ்க்காற்று

சொல்லுத் தெரிவு சரி. ஆனால் உச்சரிப்பைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. தமிழ் எழுத்தில எழுதி வச்சுப் பழகிற ஆக்கள் விழுகிற குழி ரெண்டு இருக்கு.

முதலாவது சகரம். தமிழில சொல்லின்ர தொடக்கத்தில 'ச' வந்தால் எங்கட வாயில 'ஸ' எண்டுதான் வரும். வியட்நாமிய 'ச்சாவ்' அப்பிடி இல்லை, 'பச்சை' எண்டேக்க வாற ச்ச. வைகைக்கரை 'சாவ்' எண்டு எழுதினதைப் பார்த்துத்தான் சொல்லுறன். ரோமன் எழுத்தில பார்த்தால் இன்னும் மோசம்: 'ஸின்' எண்ட சொல்லின்ர முதலெழுத்தைப் பார்த்து ஆக்கள் 'க்ஸின்', 'ஜின்' எண்டெல்லாம் வாசிப்பினம். அந்த எழுத்துமுறையை முதலில ஆக்கினது போர்த்துக்கீசப் பாதிரிமார். 1651 இல ரோமாபுரியில முதல் அகராதி அச்சானது. அவையின்ர காதுக்கு எழுதினதை ஆங்கிலக் கண்ணால வாசிச்சால் பிழைக்கும்.

ரெண்டாவதுதான் பெரிய குழி: தொனி. ஒரே 'ச்சாவ்', குரல் மெல்ல இறங்கினால் வணக்கம். குரல் ஏறினால் அரிசிக் கஞ்சி. இறங்கி எழும்பினால் பொரிக்கிற சட்டி. 'ஸின்' எண்டதுக்கு 'தாருங்கோ' எண்டு கேக்கிற பொருளும் இருக்கு. அதால 'ஸின் ச்சாவ்' எண்டதை ஏத்திச் சொன்னால் 'கொஞ்சம் கஞ்சி தாருங்கோ' எண்டு ஆகிடும்.

இதில கவனிக்கவேண்டிய விசயம் என்னெண்டால், புதுசாப் பழகிற ஆள் சந்தேகத்தோடதான் சொல்லுவார். 'சரியாச் சொல்லுறனோ?' எண்ட தயக்கத்தில கடைசியில குரல் தானா மேல போகும், நாங்கள் 'போறீங்களா?' எண்டு கேக்கிற மாதிரி. அந்தத் தயக்கம்தான் வணக்கத்தைக் கஞ்சி ஆக்கிறது. நாக்கில பிழை இல்லை.

வைகைக்கரை

ஐயோ, நான் ரெண்டு நாளா கஞ்சிதான் கேட்டுட்டு இருந்திருக்கேன். இந்த ஏத்த இறக்கத்தை எப்படிப் பழகுறது? கேட்டா எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது.

யாழ்க்காற்று

சொல்லை விட்டுட்டு முதலில வாயை மூடி முனகிப் பழகுங்கோ. தமிழில எங்களுக்குத் தொனி இல்லை எண்டு சொல்லுவினம், ஆனால் முனகலில இருக்கு. ஆராவது கதை சொல்லேக்க 'ம்ம்' எண்டு தாழ்த்தி இழுக்கிறோமே, அதுதான் வணக்கத்தின்ர இறங்கு தொனி. விளங்காமல் 'ம்ம்?' எண்டு கேக்கிறதுதான் கஞ்சியின்ர ஏறு தொனி. ரெண்டையும் மாறி மாறிப் பத்துத் தரம் முனகுங்கோ. பிறகு வாயைத் திறந்து அதே மெட்டில 'ச்சாவ்' எண்டுங்கோ.

அக்காவுக்கான 'ச்சி' வேற மாதிரி. தாழத் தொடங்கி டக்கெண்டு தொண்டையை அடைக்கிறது, ஏதோ சொல்ல வந்து நிப்பாட்டின மாதிரி. எழுத்துக்குக் கீழ ஒரு புள்ளி வச்சிருப்பினம், அந்தப் புள்ளிதான் அடையாளம். நீட்டி 'ச்சீ' எண்டு சொல்லாதேங்கோ, தமிழன் காதுக்கும் நல்லா இருக்காது. அண்ணன், தம்பி, 'ஒய்' மூண்டும் சமதொனி, ஏறாமல் இறங்காமல் ஒரே கோட்டில.

நன்றிச் சொல்லில 'காம்' தாழ்ந்து வளையும், 'அன்' சமன். அந்த 'அன்'னில வாற உயிர் எங்களிட்ட இல்லை. 'ஒ' சொல்லப் போற மாதிரி நாக்கை வச்சுக்கொண்டு உதட்டை மட்டும் குவிக்காமல் விட்டால் கிட்டத்தட்ட வரும். 'ஒய்' எண்டு மேல எழுதியிருக்கிறதிலயும் அதே உயிர்தான். ஒரு விசயத்தில தமிழ் ஆக்களுக்கு வாசி: 'காம்' இல வாற ககரத்தை ஆங்கிலம் பேசிற ஆக்கள் மூச்சுத் தள்ளிச் சொல்லுவினம். எங்கட 'காகம்' எண்டதின்ர முதல் கா அப்பிடியே பொருந்தும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிசம், ஒரு கிழமை போதும். போனில பதிஞ்சு, ஊர் ஆள் சொன்ன பதிவுக்குப் பக்கத்தில போட்டுக் கேளுங்கோ. சொல்லேக்க கேக்காத பிழை, பதிவில கேக்கும்.

தூங்காநகரம்

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ரெண்டு கையையும் கூப்பி லேசா தலையைக் குனிஞ்சா போதுமே. அங்கயும் அப்படித்தானே வணக்கம் சொல்லுவாங்க, விளம்பரத்துல எல்லாம் பாத்திருக்கேன்.

நெல்வயல்

அது தாய்லாந்து. வியட்நாம்ல கை கூப்புறது புத்தர் கோயில்லயும் துறவிகள் முன்னாடியும்தான். கடையில கூப்புனா யாரும் கோவிச்சுக்கமாட்டாங்க, ஆனா சாமி கும்பிடுற மாதிரி இருக்கும். தலையை லேசா சாய்ச்சா போதும். பெரியவங்களுக்குப் பணம் குடுக்கிறப்ப ரெண்டு கையாலயும் குடுங்க, அதை கவனிப்பாங்க.

அம்மாவோடபயணம்

நாங்களும் போறோம், அம்மா சுத்த சைவம். முட்டை கூட தொடமாட்டாங்க. 'சைவம்'ங்கிறதுக்கு என்ன சொல்லணும்? மூணு சொல்லுல இதுதானே முதல்ல வரணும்?

நெல்வயல்

கேள்வி வணக்கச் சொல் பத்தி, இருந்தாலும் சொல்லிடுறேன். 'அன் ச்சை', ரெண்டும் சமதொனி. இதுலயும் குரல் ஏறினா கருகுறதுன்னு ஆகும், புள்ளி வெச்ச தொனியில சொன்னா ஓடுறதுன்னு ஆகும். அவங்க சைவம் பௌத்த சைவம், அதனால சொன்னவுடனே புரியும். சந்திர மாசத்து முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் நிறைய பேர் சைவம்தான் சாப்பிடுவாங்க, அன்னைக்கு சைவக் கடை நிரம்பி வழியும். ஆனா சாதாரணக் கடையில இறைச்சியை எடுத்துட்டு மீன்சாறை விட்டுருவாங்க, சாறும் எலும்பு வெந்த தண்ணியா இருக்கும். 'ச்சை'ன்னு பலகை போட்ட கடையாத் தேடிப் போங்க. மேல தனி இழை போட்டுக் கேளுங்க, நிறைய பேர் சொல்லுவாங்க.

அம்மாவோடபயணம்

நன்றிங்க. தனி இழை போடுறேன்.

வைகைக்கரை

சரி, முனகல் பயிற்சி ஆரம்பிச்சாச்சு, வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. இப்ப எனக்குப் பெரிய பயம் முறைச்சொல்தான். எனக்கு வயசு 29. ஹனோய்ல காலையில நூடுல்ஸ் கடைக்குப் போறேன்னு வைங்க. கடைக்கார அம்மாவுக்கு 45 இருக்கும். அக்காவா, அத்தையா? தப்பாச் சொன்னா என்ன ஆகும்?

நெல்வயல்

நல்ல உதாரணம், அதையே பிரிச்சுப் பாப்போம்.

ஹனோய்க் கணக்குல அளவுகோல் உங்க வயசு இல்ல, உங்க அப்பா அம்மா வயசு. உங்க அம்மாவுக்கு 55ன்னு வைங்க. 45 வயசுக்காரங்க அம்மாவை விட இளையவங்க, ஆனா உங்களை விட ஒரு தலைமுறை மாதிரி மூத்தவங்க. அப்ப முறைப்படி 'கோ', அதாவது அத்தை. சமதொனியில நீட்டிச் சொல்லணும். அம்மாவை விட மூத்தவங்கன்னா 'பாக்', அது பெரியப்பா பெரியம்மா ரெண்டு பேருக்கும் பொது. தாத்தா பாட்டி வயசுன்னா 'ஓங்', 'பா'. பாட்டிக்கான 'பா'வை பஸ்ஸுல வர்ற 'ப' மாதிரி சொல்லணும், குரல் இறங்கணும்.

ஆக 'ச்சாவ் கோ'. ஆனா கடைக்காரங்கள்ல பல பேர் 45 வயசுல அத்தைன்னு கூப்பிடுறதை விரும்பமாட்டாங்க, நம்ம ஊர்ல 'ஆன்ட்டி'ன்னா பொரிஞ்சு தள்ளுவாங்களே அதே கதை. ரெண்டுங்கெட்டான் வயசுன்னா பெண்களுக்கு 'ச்சி'ன்னு ஆரம்பிங்க. அப்புறம் காதைத் திறந்து வெச்சுக்குங்க. அவங்க உங்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுறாங்களோ, அதுலயே உங்களுக்கு விடை இருக்கு. 'எம்'னு சொன்னா, அவங்க உங்களுக்கு அக்கா, 'ச்சி'யையே தொடருங்க. 'ச்சவ்'னு குரல் ஏத்திச் சொன்னா உங்களை மருமகன் முறையில வெச்சாச்சு. அடுத்த தடவை 'கோ'வுக்கு மாறிடுங்க. முறை எப்பவும் சோடி. ஒரு பக்கம் தெரிஞ்சா மறுபக்கம் தானா வரும்.

இதுல ஒரு சிக்கல், இளைய பணியாளர்கள் மட்டுமில்ல, மூத்தவங்க கூட வாடிக்கையாளரை மரியாதைக்கு 'ஆன்'னு சொல்லுவாங்க. 45 வயசு அம்மா உங்களை அண்ணன்னு சொன்னா வயசு தெரியலைன்னு அர்த்தமில்ல, கடை மரியாதை. அப்ப நீங்க அவங்களைத் தங்கச்சி ஆக்கிடாதீங்க, 'ச்சி'யிலயே நில்லுங்க. தப்பு எந்தப் பக்கம் போனா பரவாயில்லன்னா, மூத்தவங்களை 'எம்'னு கீழ இறக்குறதுதான் உறைக்கும். மத்ததெல்லாம் சிரிச்சுட்டுத் திருத்திவிடுவாங்க.

சாப்பாடு வந்ததும் 'காம் அன் ச்சி'. நன்றிக்கும் முறைச்சொல்லை ஒட்ட வைங்க, வெறும் 'காம் அன்' கொஞ்சம் காஞ்சு இருக்கும். எந்திரிக்கிறப்ப மறுபடி 'ச்சாவ் ச்சி'. இவ்வளவுதான், மூணு சொல்லும் ஒரு முறைச்சொல்லும் சேர்ந்து ஒரு காலை உணவு முடிஞ்சுது.

சைகோன்பட்டறை

நெல்வயல் சொல்றது எல்லாம் ஹனோய்க்குச் சரி. கடைசி மூணு நாள் தெற்கேன்னு சொன்னீங்க, அங்க கொஞ்சம் மாத்திக்கணும்.

தெற்கே மருமகன் முறைக்கு 'ச்சவ்' குறைவு, 'கொன்' தான் ஓடும். அதாவது பிள்ளை. ஆட்டோ மாதிரி ஓடுற இருசக்கர வண்டிக்காரர் உங்களை 'கொன்'னு கூப்பிட்டா அவருக்கு 'ச்சூ', சித்தப்பா, குரல் ஏறும். பெண்கள்ல அம்மா வயசுக்காரங்களுக்கு 'கோ'வும் வரும், 'யீ'யும் வரும். 'யீ' சித்தி, அம்மாவோட தங்கச்சி. தெற்கே எங்க பாத்தாலும் இது காதுல விழும்.

அண்ணனை மேல 'ஆன்'னு எழுதியிருக்கிறது தெற்குப் பேச்சு. வடக்கே அதே சொல் 'ஐங்' மாதிரி கேக்கும். வைகைக்கரை ஹனோய்ல 'ஆன்'னு சொன்னா புரியும், ஆனா தெற்கத்திக்காரங்ககிட்ட பழகினவருன்னு நினைச்சுக்குவாங்க. தொனியும் அப்படியே. வடக்கே ஆறு, தெற்கே அஞ்சு. 'காம்'ல வர்ற தொனி சைகோன்ல நல்லா வளைஞ்சு மேல ஏறும். ஹனோய்ல வேகமாப் பேசுறப்ப தாழ்ந்ததோட விட்டுருவாங்க. எதைச் சொன்னாலும் ரெண்டு ஊர்லயும் புரியும். நடுவுல ஹுவே போறதா இருந்தா காதை நம்பாதீங்க, அங்க தொனியே வேற.

அப்புறம் மூணாவது சொல்லா 'ஒய்'ங்கிறதை நான் ஒத்துக்கமாட்டேன். 'ஸின் லோய்' தான் வேணும். நடைபாதையில இடிக்காம நடக்க முடியாத ஊர், தினம் இருபது தடவை மன்னிப்பு தேவைப்படும். வழி விடச் சொல்லவும் அதே சொல்தான்.

நெல்வயல்

இடிச்சா தலையைச் சாய்ச்சு கையைத் தூக்கினாலே மன்னிப்புன்னு புரிஞ்சுரும். பசியில உக்காந்திருக்கிறவனுக்குக் கூப்பிடத் தெரியலைன்னா சாப்பாடே வராது. அதோட 'லோய்'யோட தொனி வடக்கே நடுவுல உடைஞ்சு மேல போற தொனி, ஆறுலயும் கஷ்டமானது அதுதான். முதல் வாரத்துல பழகுறதுக்கு அது வேண்டாம்.

சைகோன்பட்டறை

அதான் சொல்றேன், தெற்கே அந்த உடைசல் கிடையாது. 'காம்'ல வர்ற அதே வளைவு. ஒண்ணு பழகினா ரெண்டும் வந்துரும். வடக்கத்திக்காரங்க கஷ்டத்தை எல்லாரும் சுமக்கணுமா?

வைகைக்கரை

நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க, நான் நாலாப் பழகிக்கிறேன். என் ரெண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் வரலையே. சொன்ன பிறகு அவங்க என்ன செய்வாங்க?

நெல்வயல்

இடத்தைப் பொறுத்து மாறும்.

ஹனோய் பழைய நகரம், சைகோன் பூய் வியென் தெரு, ஹோய் ஆன் மாதிரி சுற்றுலாக்காரங்க குமியுற இடத்துல நீங்க எவ்வளவு அழகா 'ச்சாவ் ச்சி'ன்னாலும் பதில் ஆங்கிலத்துலதான் வரும். உங்க உச்சரிப்பு தப்புன்னு அர்த்தமில்ல. அவங்க நாள் முழுக்க நூறு பேருக்கு விக்கிறாங்க, வேகமா முடியுற மொழி அது. அங்க போய் மறுபடி மறுபடி வியட்நாமியத்துல இழுக்காதீங்க.

ரெண்டு தெரு உள்ள போனா நேர் எதிர். ஒரு சொல் சரியா விழுந்துட்டா, உங்களுக்கு மொழி தெரியும்னு நினைச்சு மூச்சு விடாம பேச ஆரம்பிச்சுருவாங்க. நல்லா பழகினவங்களுக்குத்தான் இந்த ஆபத்து. தலையை ஆட்டி 'ஆமா ஆமா'ன்னு சமாளிச்சீங்கன்னா கேக்காத சாப்பாடு வந்து சேரும். கையை விரிச்சு சிரிச்சு, உடனே சைகைக்கு வந்துடுங்க.

இன்னொண்ணு சிரிப்பு. சொன்னதும் சிரிப்பாங்க, பக்கத்துல இருக்கவங்களைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பாங்க. நம்மாளுங்க பாதிப் பேர் இங்கதான் சுருங்கிப் போறாங்க. கேலியான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு: சிரிச்ச கையோட அந்தச் சொல்லை மெதுவா, நிறுத்தித் திரும்பச் சொல்றாங்களான்னு பாருங்க. சொன்னா அது திருத்தம். அதே மெட்டுல நீங்களும் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. வேற எந்தப் பதிவும் அவ்வளவு நல்ல பாடம் கிடையாது, ஏன்னா உங்க தப்பு என்னன்னு கேட்ட ஆள் அவங்கதான்.

நன்றிக்குப் பதில் எதிர்பாக்காதீங்க. 'கோம் கோ ஸி'ன்னு சிலர் சொல்லுவாங்க, அதாவது 'ஒண்ணுமில்ல'. தெற்கே அதே கடைசிச் சொல் 'யி'ன்னு கேக்கும், இல்லன்னா 'யா'ன்னு மட்டும் ஒரு மரியாதைச் சொல் வரும். நிறைய பேர் தலையை ஆட்டிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. சின்னச் சின்ன விஷயத்துக்கு வீட்டுக்குள்ள நன்றி சொல்ற பழக்கம் நமக்கும் பெருசா இல்லையே.

சைகோன்பட்டறை

ஒண்ணு விட்டுட்டீங்க. வயசு கேப்பாங்க. பேரைக் கேக்கிறதுக்கு முன்னாடி வயசைக் கேக்கிறது அங்க சாதாரணம். அது துருவிப் பாக்கிறது இல்ல, உங்களை எந்த முறையில கூப்பிடுறதுன்னு தெரியாம அடுத்த வாக்கியத்தையே ஆரம்பிக்க முடியாது. நம்ம மொழியில 'நான்', 'நீங்க'ன்னு வெச்சு சமாளிச்சுரலாம். அங்க முறைச்சொல்லே தன்மையும் முன்னிலையும். அப்பா பிள்ளைகிட்ட 'அப்பா சொல்றதைக் கேளு'ன்னு தன்னையே அப்பான்னு சொல்லுவாரே, அங்க ஊரே அப்படித்தான் பேசுது. செயலியில 'நான்'னு குடுக்கிற 'தோய்' இலக்கணப்படி சரி, ஆனா பெரியவங்ககிட்ட சொன்னா விலகி நிக்கிற மாதிரி இருக்கும்.

விரலைக் காட்டியோ எழுதியோ வயசைச் சொல்லிடுங்க. சொன்னதும் முகம் தெளியும், முறை முடிவாகும்.

கொங்குக்காரன்

சரிங்க, விலைக்கு வாங்க. நான் சொன்னது தப்பா?

சைகோன்பட்டறை

தப்புதான் அண்ணே. சைகோன்ல 'பென் தான்'ங்கிற சந்தையில 'ச்சாவ் ச்சி' சொன்னாலும் முதல்ல சொல்ற விலை சுற்றுலாக்காரன் விலைதான். வணக்கத்தால விலை குறையாது. பேரம் பேசுற மனநிலை மாறும், அவ்வளவுதான். 'ச்சி ஒய்'னு கொஞ்சம் இழுத்து, குழைஞ்சு சொன்னா சண்டை மாதிரி இல்லாம பேரம் ஓடும். பலகையில விலை போட்ட கடையில அதுவும் தேவையில்ல.

கொங்குக்காரன்

குழையறது நமக்குக் கைவந்த கலைங்க, விடுங்க. அப்ப பாதி சரின்னு வெச்சுக்கறேன்.

யாழ்க்காற்று

பெரியாக்களுக்குச் சொல்லேக்க இன்னும் ஒரு சின்ன விசயம். இளையவர் மூத்தவருக்கு வெறும் 'ச்சாவ் பாக்' எண்டால் கொஞ்சம் வெட்டின மாதிரி இருக்கும். கடைசியில 'ஆ' எண்டு குறுக்கி, தொண்டையை அடைச்சு ஒரு சொட்டு வையுங்கோ: 'ச்சாவ் பாக் ஆ'. வடக்கில சின்னப் பிள்ளையளுக்கு இதைத்தான் முதலில சொல்லிக் குடுக்கிறவை. எங்கட 'வாங்க'வில வாற 'ங்க' செய்யிற வேலையை அது செய்யுது. வெளிநாட்டு ஆள் அதைச் சேர்த்துச் சொன்னால் கிழவியளுக்கு முகமெல்லாம் பூத்துப் போகும்.

சைகோன்பட்டறை

இதுல இன்னொரு சுவையான விஷயம். சைகோன்ல துருவோங் தின் தெருவுல மாரியம்மன் கோயில் இருக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில தமிழ் வணிகர்கள் கட்டினது. இப்ப அங்க ஊதுபத்தி ஏத்திக் கும்பிடுறவங்கள்ல பெரும்பாலும் வியட்நாம்காரங்கதான். ஊர்ல அதுக்குப் பேர் 'ச்சுவா பா அன்', இந்தியப் பாட்டியம்மன் கோயில். பாட்டிக்குச் சொல்ற அதே 'பா'தான் அம்மனுக்கும். வைகைக்கரை அங்க போனா வாசல்ல மாலை விக்கிற பாட்டிகிட்ட அந்தத் தொனியைச் சோதிச்சுப் பாக்கலாம்.

வைகைக்கரை

குறிச்சு வெச்சாச்சு. கடைசியா என் பட்டியல்: 'ச்சாவ்' இறங்கு தொனியில முறைச்சொல்லோட, 'காம் அன்' முறைச்சொல்லோட, அப்புறம் 'ஒய்'. 'ஸின் லோய்' சைகோனுக்குப் போற விமானத்துல பழகிக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. விடுதி வரவேற்புல நிக்கிற பொண்ணுக்கு என் வயசே இருந்தா? 'ச்சி'யா, 'எம்'மா?

நெல்வயல்

வேலையில நிக்கிறவங்க, உங்க வயசோ கொஞ்சம் குறைவோன்னா 'எம்'. அவங்களே தங்களை 'எம்'னுதான் சொல்லிக்குவாங்க.

சைகோன்பட்டறை

நான் 'ச்சி'ன்னுதான் ஆரம்பிப்பேன், 29க்கும் 30க்கும் முகத்துல என்ன தெரியும்? 'பான்'னு ஒரு சொல் இருக்கு, நண்பர்னு பொருள், சமவயசுக்காரங்களுக்கு அதுவும் பாதுகாப்பு.

நெல்வயல்

'பான்' பாடப்புத்தக வாடை அடிக்கும்.

சைகோன்பட்டறை

ஹனோய்ல அடிக்கும்.